நான்கு புள்ளிகள், நான்கு சமன்பாடுகள், ஒரு வளைகோடு

ஒரு சிறிய கட்டுப்பாட்டுக் கருவிக்கு, வெப்பநிலையைக் கொடுத்தால் நீரின் நிறைவுற்ற ஆவி அழுத்தத்தைச் சொல்லும் ஒரு சூத்திரம் தேவைப்பட்டது. முழு நீராவி அட்டவணையையும் ஏற்றி வைக்க நினைவகத்தில் இடமில்லை. அதனால் அட்டவணையிலிருந்து நான்கு மதிப்புகளை எடுத்து, அவை வழியே போகும் முப்படிப் பல்லுறுப்புக்கோவையைக் கண்டுபிடிக்கலாம் என்று இறங்கினேன்.

நான் எடுத்தவை இவை: 20 டிகிரி செல்சியஸில் 2.34 கிலோபாஸ்கல், 40-இல் 7.39, 60-இல் 19.95, 80-இல் 47.42. நான்கு புள்ளிகளுக்கு நான்கு கெழுக்கள் வேண்டும், எனவே மூன்றாம் படி போதும். வெப்பநிலைகள் நான்கும் வெவ்வேறாக இருக்கும்வரை அப்படியொரு கோவை கட்டாயம் உண்டு, ஒன்றே ஒன்றுதான் உண்டு. ஒரே வெப்பநிலைக்கு இரண்டு அழுத்தங்களைத் தவறுதலாகக் கொடுத்துவிட்டால் சமன்பாட்டுத் தொகுப்பின் அணியில் இரண்டு நிரைகள் ஒன்றாகிவிடும். அப்புறம் தீர்வு கிடைக்காது.

தீர்க்கத் தொடங்கும் முன் T-ஐ அப்படியே வைக்காமல் t = (T − 20)/20 என்று மாற்றிக்கொண்டேன். இப்போது புள்ளிகள் 0, 1, 2, 3-இல் உட்காருகின்றன. தேடுவது p = c0 + c1·t + c2·t² + c3·t³. ஒவ்வொரு புள்ளியையும் போட்டால் ஒரு நேரியல் சமன்பாடு வரும். இதில் t-யின் அடுக்குகள் எல்லாம் தெரிந்த எண்கள். தெரியாதவை கெழுக்கள் மட்டும்தான், அவை முதல் படியிலேயே நிற்கின்றன. கோவை முப்படியாக இருந்தும் தொகுப்பு நேரியலாவது இதனால்தான்.

t = 0 போட்டதும் c0 = 2.34 கையில் வந்துவிடுகிறது. அதை மற்ற மூன்றிலும் கழித்தால் மீதி:

```
 c1 +  c2 +   c3 =  5.05
2c1 + 4c2 +  8c3 = 17.61
3c1 + 9c2 + 27c3 = 45.08
```

இரண்டாவதிலிருந்து முதலாவதின் இரு மடங்கைக் கழித்தால் 2c2 + 6c3 = 7.51. மூன்றாவதிலிருந்து மும்மடங்கைக் கழித்தால் 6c2 + 24c3 = 29.93. இவற்றில் பின்னதிலிருந்து முன்னதின் மும்மடங்கைக் கழிக்க, 6c3 = 7.40. ஆக c3 = 1.2333, c2 = 0.055, c1 = 3.7617. கணக்கு சரியா என்று பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. நீக்கும்போது மூலைவிட்டத்தில் வந்த எண்கள் 1, 1, 2, 6. அவற்றின் பெருக்கம் 12. இந்த வகை அணிக்கு வாண்டர்மோண்ட் அணி என்று பெயர். அதன் அணிக்கோவை, புள்ளிகளுக்கு இடையிலான எல்லா வித்தியாசங்களின் பெருக்கம்: 1·2·3·1·2·1, அதுவும் 12. ஒத்துப்போகிறது.

கணினியில் இதே வேலை சில வரிகள்தான்:

```python
import numpy as np
T = np.array([20, 40, 60, 80])
p = np.array([2.34, 7.39, 19.95, 47.42])
t = (T - 20) / 20
V = np.vander(t, increasing=True)
c = np.linalg.solve(V, p)
```

T-ஐ மாற்றாமலே தீர்த்தால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். கடைசி நிரை 1, 80, 6400, 512000 என்று நீளும். உள்ளீட்டில் உள்ள சிறு பிழை விடையில் எத்தனை மடங்கு வரை பெருகலாம் என்பதைச் சொல்வது நிபந்தனை எண். np.linalg.cond கொடுக்கும் அந்த எண், t வைத்தபோது 150-ஐ ஒட்டியிருந்தது. T வைத்தால் 45 லட்சத்தைத் தாண்டுகிறது. பைதான் பயன்படுத்தும் இரட்டைத் துல்லியத்தில் ஏறக்குறைய 16 இலக்கங்கள் இருப்பதால் அங்கே ஒன்றும் கெட்டுப்போகாது. கருவியின் 32 பிட் எண்களில் ஏழு இலக்கங்கள்தான். மோசமான நிலையில் அவற்றில் ஆறைக்கூட இழக்க நேரிடலாம்.

அதைவிடப் பெரிய ஆபத்து கெழுக்களை எழுதி வைப்பதில் இருக்கிறது. T வடிவத்தில் அதே வளைகோட்டின் கெழுக்கள் −2.6, 0.36758, −0.0091125, 0.000154167. இவற்றை நான்கு தசம இடங்களுக்குச் சுருக்கினால் கடைசிக் கெழு 0.0002 ஆகிவிடுகிறது. அதை 512000-ஆல் பெருக்குகிறோம் என்பதை நினைத்துப் பாருங்கள். 80 டிகிரியில் 47.42 வர வேண்டிய இடத்தில் 70.97 வந்து நிற்கிறது. t வடிவத்தில் அதே நான்கு இடங்களுக்குச் சுருக்கினாலும் 47.419 வருகிறது. அதனால் கெழுக்களைக் கருவியில் ஏற்றிய பின், நான்கு புள்ளிகளையும் அங்கேயே மறுபடி போட்டுப் பார்ப்பது அவசியம். கொடுத்த மதிப்புகள் திரும்பி வராவிட்டால் சுருக்கியதில்தான் கோளாறு.

ஆனால் அந்தச் சோதனை, புள்ளிகளுக்கு நடுவில் என்ன நடக்கிறது என்று சொல்லாது. அதற்கு நான் பயன்படுத்தாத ஒரு மதிப்பு வேண்டும். 50 டிகிரிக்கு, அதாவது t = 1.5-க்கு, சூத்திரம் 12.27 என்கிறது. அட்டவணையில் 12.35. ஒரு சதவீதத்துக்குள் பிழை, சரி. வெளியே போனால் கதை வேறு. 100 டிகிரியில் சூத்திரம் 97.2 தருகிறது, உண்மை 101.4. 0 டிகிரியில் −2.6 என்கிறது! ஆவி அழுத்தம் எதிர்மறையாக இருக்க வழியே இல்லை (உண்மை மதிப்பு 0.61). நேரியல் தொகுப்பைத் துளிப் பிசகில்லாமல் தீர்த்தும் இப்படித்தான் வருகிறது. பிழை தீர்ப்பதில் இல்லை, அடுக்குக்குறியாக ஏறும் ஒன்றை முப்படிக்குள் அடைக்கப் பார்த்ததில் இருக்கிறது.

இன்னும் இரண்டு புள்ளிகளைச் சேர்த்து ஐந்தாம் படிக்குப் போகலாம் என்று முதலில் தோன்றும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை. சம இடைவெளிப் புள்ளிகளில் படி ஏற ஏற ஓரங்களில் வளைகோடு அலைபாயக்கூடும் என்று 1901-லேயே ரூங்கே காட்டியிருக்கிறார். அணியின் நிபந்தனை எண்ணும் கூடவே ஏறும்.

அழுத்தத்துக்குப் பதில் அதன் இயல் மடக்கையை வலப்பக்கத்தில் வைத்தேன்: 0.8502, 2.0001, 2.9932, 3.8590. அணி V அதேதான், ஓர் எண்கூட மாறவில்லை. நீக்கும் படிகளும் அவையே. நிரலில் p இருந்த இடத்தில் np.log(p), விடையை எடுக்கும்போது np.exp, அவ்வளவுதான் மாற்றம். இப்போது 50 டிகிரியில் 12.36 வருகிறது. 100-இல் 102.2. முன்பு −2.6 வந்த 0 டிகிரியில் 0.615. கருவியில் ஏற்றியது இந்த நான்கு கெழுக்களைத்தான், 20 முதல் 80 வரை மட்டும் என்ற வரம்புடன். அதற்கு வெளியே உள்ள வெப்பநிலை வந்தால் சூத்திரத்தைக் கூப்பிடாமல் பிழைக் குறியீட்டைத் திருப்பி அனுப்பும்படி வைத்திருக்கிறேன்.