அரைப் புள்ளி வித்தியாசம்

போன வருடம் டெலிவரி வேன்களின் மைலேஜை முன்கூட்டியே கணிக்கும் வேலை எங்கள் குழுவுக்கு வந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி மூன்று ரிக்ரஷன் மாடல்களோடு என்னிடம் வந்தார். "அக்கா, முதல் ரெண்டுல ஏஐசி பெரிய மாடலச் சொல்லுது, பிஐசி சின்னதச் சொல்லுது. எத அனுப்பட்டும்?" ஏஐசி, பிஐசி இரண்டும் மாடல் தரவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று பார்த்து, சேர்க்கும் ஒவ்வொரு மாறிக்கும் ஒரு விலையைக் கூட்டிப் போடும் மதிப்பெண்கள்.

வேன் தரவை ஓரமாக வைத்துவிட்டு, ஆர் மென்பொருளோடு வரும் `mtcars`-ஐத் திறந்தேன். 1974-இல் மோட்டார் ட்ரெண்ட் இதழில் வந்த 32 கார்களின் விவரம் அது.

```r
m1 <- lm(mpg ~ wt + hp, mtcars)
m2 <- lm(mpg ~ wt + hp + am, mtcars)
AIC(m1, m2); BIC(m1, m2)
```

எடையும் குதிரைத்திறனும் மட்டும் உள்ள `m1`-க்கு ஏஐசி 156.65, பிஐசி 162.52. மேனுவல் கியரா, ஆட்டோமேட்டிக்கா என்பதையும் சேர்த்த `m2`-க்கு 156.13, 163.46. குறைவாக இருப்பதே நல்லது என்பதால், இங்கேயும் அதே சண்டை.

மாடல் தரவோடு எவ்வளவு பொருந்தாமல் இருக்கிறது என்பதைக் காட்டும் `-2 ln L`, கியரைச் சேர்த்ததில் 2.52 குறைந்தது. அதற்கு ஏஐசி வாங்கும் விலை 2. பிஐசி வாங்குவது `ln(n)`, இதில் n என்பது வரிசைகளின் எண்ணிக்கை. 32 கார்களுக்கு அது 3.47. கிடைத்த லாபம் இரண்டு விலைகளுக்கும் நடுவே விழுந்ததால்தான் தீர்ப்பு மாறியது. தரவு கூடக் கூட பிஐசியின் விலையும் ஏறும். 400 வரிசைகளுக்கு அது 5.99.

ஏஐசி பார்ப்பது புதிய தரவில் கணிப்பு எவ்வளவு சரியாக இருக்கும் என்பதை. அதனால் உதவாத ஒரு மாறியைக்கூட, தரவு போதிய அளவு இருந்தாலும், சுமார் 16 சதவீத நேரம் உள்ளே விட்டுவிடும். பிஐசி தேடுவது போட்டியில் உள்ள மாடல்களில் உண்மையானது எது என்று. எங்களுக்கு வேண்டியது அடுத்த மாத டீசல் செலவு, அதனால் ஏஐசி பக்கம் போகச் சொன்னேன். கியர் மைலேஜைப் பாதிக்கிறதா என்று கேட்டிருந்தால் பிஐசியை எடுத்திருப்பேன். ஆனால் அரைப் புள்ளியை வெற்றி என்று எண்ண எனக்கு மனம் வராது. அப்படிப்பட்ட இடத்தில் கொஞ்சம் தரவை ஒதுக்கி வைத்து, இரண்டு மாடலையும் அதில் ஓட்டிப் பார்ப்பதுதான் என் வழக்கம்.

என்னை உறுத்தியது மூன்றாவது மாடல். டிரைவரின் வயதைச் சேர்த்ததும் ஏஐசி, பிஐசி இரண்டுமே 130 புள்ளிகளுக்கு மேல் குறைந்திருந்தன. வயதுக்கு அவ்வளவு பலம் இருக்க வழியில்லை. `nobs()` போட்டுப் பார்த்தோம்: முதல் இரண்டுக்கும் 412 பயணங்கள், இதற்கு 382. வயது பதியாத 30 வரிசைகளை `lm` சத்தமில்லாமல் நீக்கியிருந்தது. வரிசை குறைந்தால் `-2 ln L` கூட்டுத்தொகையும் பெரும்பாலும் தானாகக் குறையும். மாடல்களை ஒன்றாகக் கொடுத்திருந்தால் ஆர் எச்சரித்திருக்கும். தம்பி ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு எக்செல்லில் ஒட்டியிருந்தார்.

மூன்றையும் அதே 382 பயணங்களில் மறுபடி ஓட்டினோம். வயதைச் சேர்த்ததில் ஏஐசி 1.6 கூடியது, பிஐசி 5.5 கூடியது. தம்பி அன்றைக்கே எக்செல் அட்டவணையில் `nobs` என்று ஒரு பத்தியைச் சேர்த்துவிட்டார்.