முந்நூற்றுப் பத்து ரூபாய்

காசிமேட்டில் மகளிர் குழு ஒன்றுக்குக் கூட்டு வட்டி வகுப்பு எடுக்கப் போயிருந்தேன். முதல் ஸ்லைடில் சூத்திரத்தையே போட்டிருந்தேன். மீன் வியாபாரம் செய்கிற ஒரு அம்மா, "பத்து சதவீதம் என்றால் மாதத்துக்கா, வருடத்துக்கா தம்பி?" என்று கேட்டார். அங்கே பத்து வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் பத்து ரூபாய். வருடக் கணக்கு என்று நான் எங்குமே எழுதவில்லை. வகுப்பு அங்கேயே தடம் புரண்டுவிட்டது.

அன்றிரவு எல்லா ஸ்லைடுகளையும் திருத்தினேன். சூத்திரத்தை எடுத்துவிட்டு ஒரே கணக்கை வைத்துக்கொண்டேன். 10,000 ரூபாய், ஆண்டுக்கு 10 சதவீதம், மூன்று ஆண்டுகள். ஆண்டுக்கு ஒரு ஸ்லைடு: 11,000, பிறகு 12,100, பிறகு 13,310. தனி வட்டியானால் 13,000தான் வரும். மிச்சம் 310 ரூபாய். இரண்டாம் ஆண்டில் நூறும் மூன்றாம் ஆண்டில் இருநூற்றுப் பத்துமாகச் சேர்ந்த அந்தத் தொகையை மட்டும் சிவப்பில் எழுதினேன். வட்டிக்கு வந்த வட்டி அதுதான். அசலுக்கு நீலம், அசலின் வட்டிக்கு மஞ்சள். கடைசி ஸ்லைடு வரை இந்த நிறங்கள் மாறவில்லை.

படம் போடும்போதுதான் இன்னொரு தவறு தெரிந்தது. 310 ரூபாயைப் பட்டையாக வரைந்தால் நூல் அளவுதான் தெரிகிறது. அதனால் முதல் மூன்று ஆண்டுகளுக்குப் படமே வேண்டாம், எண்கள் போதும் என்று விட்டேன். படத்தில் 5, 10, 15, 20 ஆண்டுகளுக்கு நான்கு பட்டைகள், ஸ்லைடுக்கு ஒன்றாகக் கூடும். ஆனால் மென்பொருள் ஒவ்வொரு ஸ்லைடிலும் அளவுகோலைத் தானாக மாற்றிவிட்டது. பத்தாம் ஆண்டின் 25,937 ரூபாயும் இருபதாம் ஆண்டின் 67,275 ரூபாயும் திரையில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் நின்றன. வளர்ச்சியைக் காட்ட வந்த படமே அதை மறைத்தது! நான்கு ஸ்லைடுகளிலும் அளவுகோலைப் பூஜ்யம் முதல் 70,000 வரை என்று கையால் பூட்டினேன்.

அடுத்த வாரம் அதே கூடத்தில் கடைசிப் பட்டை எழுந்தது. நீலம் 10,000, மஞ்சள் 20,000, சிவப்பு 37,275. சிவப்பு பாதியைத் தாண்டியிருந்தது. கூடத்தில் சற்று நேரம் யாரும் பேசவில்லை.

அந்த அம்மா எழுந்து வந்து சிவப்பின் மேல் விரல் வைத்தார். "நான் வாங்கின கடனிலும் இது உண்டா?"

"மாதாமாதம் வட்டியைக் கட்டிவிடுகிறீர்களா அம்மா?"

"மழைக்காலத்தில் இரண்டு மாதம் விட்டுவிட்டேன். அசலோடு சேர்த்து எழுதிக்கொண்டார்."

"சேர்த்து எழுதின அன்றிலிருந்து உண்டு அம்மா" என்றேன். அவர் பையிலிருந்து கடன் சீட்டை எடுத்து மேசையில் விரித்தார். இருவரும் பேனாவோடு உட்கார்ந்தோம்.