புகை இல்லாத வீடு

டொராண்டோவில் மகளுடைய அடுக்ககத்துக்கு வந்த மூன்றாம் நாள், ரசத்துக்குப் பூண்டைத் தட்டிப்போட்டுத் தாளித்தேன். கூரையிலிருந்த புகைமணி அலறியது. மகள் ஓடிவந்து துண்டால் விசிறினாள். "அப்பா, இங்க புகை வரக் கூடாதுப்பா" என்றாள். எழுபத்திரண்டு வயது வரை புகையிலேயே வாழ்ந்தவனிடம் சொல்கிற சொல்லா அது!

பூம்பாறையில் எங்கள் அடுப்புக்கு மேலே பரண் உண்டு. பிடுங்கிய பூண்டைத் தாளோடு காயவைத்து, கட்டுக்கட்டாகப் பரணில் தொங்கவிடுவோம். கீழே எரியும் விறகின் சூடும் புகையும் ஈரத்தை வாங்கிக்கொள்வதால், விதைப்பூண்டு அடுத்த பட்டம் வரை உறங்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் அதன் விதை அந்தப் பல்லேதான். விதை கெட்டால், கடன் வாங்கித்தான் நட வேண்டும்.

இங்கே மகள் கடைப்பூண்டை ஃபிரிட்ஜில் வைத்தாள். சில வாரங்களில் பச்சை முளை எட்டிப் பார்த்தது. பூண்டின் உறக்கத்தைக் கலைப்பது குளிர்தான் என்று அவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதே என் நெஞ்சு திக்கென்றது. அடுப்பெரியாத பூம்பாறை வீடும் ஒரு ஃபிரிட்ஜ்தானே?

நான் தங்குவதில் சட்டச் சிக்கல் இல்லை. பெற்றோருக்கான சூப்பர் விசாவில் ஒரே வருகையில் ஐந்து ஆண்டுகள் வரை இருக்கலாம். அதற்கு வேண்டிய, குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கான மருத்துவக் காப்பீட்டையும் மகள் எடுத்துவிட்டாள். அறை வெதுவெதுப்பாக இருக்கிறது. பேரன் என் மடியில் உறங்குகிறான். பழகிவிட்டது என்றே எல்லோரிடமும் சொல்கிறேன். ஆனால் ஐந்து ஆண்டு நெருப்புக் காணாத வீட்டின் மரமும் பரணும் ஐப்பசி, கார்த்திகை மழைகளில் என்னவாகும் என்பதை எந்தக் காப்பீடும் கணக்கில் எடுப்பதில்லை.

சாவி தங்கை மகனிடம் இருக்கிறது. தினம் அடுப்புப் பற்றவைக்கச் சொல்லியிருந்தேன். நேற்று வீடியோவில் அழைத்து, "ஒரு பல்லை நெடுக்குவாட்டுல பிளந்து காட்டுடா மாப்ளே" என்றேன். உள்ளே முளை பாதிக்கு மேல் ஏறியிருந்தால் நடவுக்குத் தயார். நுனியைத் தாண்டி வெளியே நீண்டால், பல் தன் சத்தை முளைக்குக் கொடுத்துச் சுருங்கத் தொடங்கும். அவன் பிளந்தான். முளை பாதியைத் தாண்டியிருந்தது.

"அடுப்பு எரிஞ்சுச்சாடா?"

"வாரத்துல ரெண்டு நாளு மாமா" என்று தலையைச் சொறிந்தான்.

மகள் பின்னாலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "கோடை வரைக்கும் இருக்கேன்னு சொன்னீங்களே" என்றாள். சொன்னேன்தான். மாப்பிள்ளையிடம், பாத்தியை மட்டும் கொத்திவைக்கச் சொன்னேன்.