எட்வர்ட்ஸின் பிரசங்கங்களை எண்ணியபோது

ஜோனத்தன் எட்வர்ட்ஸ் அன்பைவிட நரகத்தைப் பற்றித்தான் அதிகம் பிரசங்கித்தாரா? திருச்சபை வரலாற்றில் ஆய்வு செய்யும் ஒருவர் இந்தக் கேள்வியோடு எங்களிடம் வந்தார். ஒரு பல்கலைக்கழக நூலகத்தில், பழைய நூல்களைக் கணினியில் படிக்கத்தக்க வடிவமாக்கி அவற்றின் சொற்களை ஆராய்ந்து தருவது என் வேலை. எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அவர் நம்பினார். எண்ணுவது எளிதுதான். எண்ணிக்கை எதற்கு விடை சொல்கிறது என்று அறிவதற்குத்தான் மாதங்கள் பிடித்தன.

எட்வர்ட்ஸ் 18ஆம் நூற்றாண்டில் மாசசூசெட்ஸின் நார்த்தாம்ப்டனில் போதகராக இருந்தவர். அவருடைய பிரசங்கக் கையெழுத்துப்படிகள் ஏறக்குறைய 1,200 எஞ்சியிருக்கின்றன. பெரும்பாலானவை யேல் பல்கலைக்கழகத்தின் பைனெக்கி நூலகத்தில் உள்ளன. உள்ளங்கையில் அடங்கும் சிறு கையேடுகளாகத் தைத்து, அதில் நெருக்கி எழுதியிருக்கிறார்.

செய்முறை இதுதான். எழுத்துகளை ஒரே வடிவுக்குக் கொண்டுவந்து, உரையைத் தனித்தனிச் சொற்களாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுகிறோம். நீண்ட பிரசங்கத்தையும் குறுகியதையும் ஒப்பிட வேண்டுமென்பதால், அதை 10,000 சொற்களுக்கு இத்தனை என்ற வீதமாக மாற்றுகிறோம். பட்டியலின் உச்சியில் எப்போதும் இலக்கணச் சொற்களே வந்து நிற்கும். ஆகவே அவற்றை விலக்க ஒரு ஆயத்தப் பட்டியலைப் பயன்படுத்துவது வழக்கம்.

முதலில் எடுத்துக்கொண்டது, ‘கோபமுள்ள தேவனுடைய கரங்களில் பாவிகள்’ என்று பெயர்பெற்ற பிரசங்கம். 1741 ஜூலை 8 அன்று, இன்றைய கனெக்டிகட் மாநிலத்து என்ஃபீல்டில் அவர் அதை நிகழ்த்தினார். விலக்கல் பட்டியலைப் போட்டு எண்ணினால் தேவன், கோபம், நரகம் ஆகிய சொற்கள் முன்னே வருகின்றன. “எதிர்பார்த்தது போலவே இருக்கிறதே” என்றார் ஆய்வாளர். எனக்கோ அதுவே உறுத்தலாக இருந்தது. தலைப்பைப் படித்தவர் எவரும் சொல்லக்கூடிய விடைக்கு ஒரு கணினி தேவையில்லை.

பிரசங்கத்தை உட்கார்ந்து முழுமையாகப் படித்தபோது அந்தப் பட்டியல் எதை அழித்திருக்கிறது என்பது புலப்பட்டது. பியூரிட்டன் மரபுப்படி இது மூன்று பகுதிகளாக நடக்கிறது: வேத வசனம், அதிலிருந்து எடுத்த கோட்பாடு, பிறகு கேட்போருக்கான பயன். வசனம் உபாகமம் 32:35, “ஏற்றகாலத்தில் அவர்களுடைய கால் தள்ளாடும்” என்பது. கோட்பாட்டுப் பகுதி முழுவதும் ‘அவர்கள்’ என்றே பேசுகிறது. துன்மார்க்கர் யாரோ தொலைவில் இருப்பவர்கள் போல. பயன் பகுதி தொடங்கியதும், இது இந்தச் சபையில் மனந்திரும்பாமல் இருப்போருக்கானது என்கிறார். அதன்பின் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘நீங்கள்’. நெருப்பின்மேல் பிடித்திருக்கும் சிலந்தி என்ற புகழ்பெற்ற உவமையும் அங்கேதான், முன்னிலையில்தான், வருகிறது. பிரசங்கத்தின் வலிமை இந்தத் திருப்பத்தில் இருக்கிறது. ஆனால் எங்கள் கருவியில்:

```python
from nltk.corpus import stopwords
drop = set(stopwords.words("english"))
{"they", "their", "you", "your", "now", "over"} <= drop   # True
```

‘அவர்கள்’, ‘நீங்கள்’, ‘இப்போது’, ‘மேலே’ ஆகிய எல்லாமே எண்ணுவதற்கு முன்பே நீக்கப்படுகின்றன. செய்தித்தாள் கட்டுரைகளின் பொருளைக் கண்டறிய அது உதவலாம். யாரை நோக்கிப் பேசுகிறோம் என்பதே உயிராக உள்ள பிரசங்கத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. விலக்கல் பட்டியலை எடுத்துவிட்டு, பிரசங்கத்தைச் சம நீளமுள்ள துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றிலும் ‘அவர்கள்’, ‘நீங்கள்’ என்ற இரு சொற்களை மட்டும் எண்ணினால் திருப்பம் வரைபடத்தில் தெளிவாகத் தெரிகிறது. ஆகவே குறை எண்ணிக்கையுடையது அன்று. எதை எண்ண வேண்டும் என்பதைப் படித்தவர்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று எண்ணிக்கைக்குள் வரவே மறுத்தது. கோட்பாடாக எட்வர்ட்ஸ் முன்வைப்பது என்ன? துன்மார்க்கரை எந்தக் கணத்திலும் நரகத்தில் விழாமல் வைத்திருப்பது தேவனுடைய சித்தம் ஒன்றுதான் என்பது. கோபிக்கிற அதே கைதான் தாங்கியும் பிடித்திருக்கிறது. இந்தக் கருத்து ஒரு சொல்லில் தங்கவில்லை. பிடித்தல், காத்தல், தடுத்தல், தொங்குதல் என்று பல வினைகளில் சிதறிக் கிடக்கிறது; அணைக்குப் பின்னால் தேங்கிய வெள்ளம், நாணேற்றிய வில் என்று படிமங்களாகவும் வருகிறது. தனித்தனியாக இவற்றின் எண்ணிக்கை சிறியது, பட்டியலில் கீழே போய்விடும். ‘கோபம்’ ஒரே சொல்லாகத் திரும்பத் திரும்ப வருவதால் மேலே நிற்கிறது. சொற்பட்டியலை மட்டும் பார்ப்பவருக்குக் கோபம் தெரியும். அது இன்னும் கட்டவிழ்க்கப்படவில்லை என்பது தெரியாது.

மொத்தத் தொகுப்புக்குப் போனபோது வேறு வகைச் சிக்கல். அன்பு என்ற பொருளில் 1738இல் 1 கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தை வைத்து எட்வர்ட்ஸ் ஒரு நீண்ட தொடர் பிரசங்கம் செய்திருக்கிறார். அதைச் சேர்த்து எண்ணினால் ஒரு விடை, விலக்கி எண்ணினால் வேறொரு விடை. ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதோடு எத்தனை பிரசங்கங்களில் வருகிறது என்பதையும் அருகே வைத்தே ஆய்வாளருக்குக் கொடுத்தேன்.

காலவரிசையில் வரைந்த கோடுதான் மிகவும் ஏமாற்றக்கூடியது. 1740களின் தொடக்கத்துக்குப் பிறகு பாவம், தேவன் போன்ற கனமான சொற்களின் வீதம் ஏறுவதுபோலத் தெரியும். அப்போது பரவிய சமய எழுச்சியான எழுப்புதல் காலம் அவருடைய மொழியை மாற்றிவிட்டது என்று ஒரு கட்டுரையே எழுதிவிடலாம். ஆனால் அதே காலத்தில்தான் எட்வர்ட்ஸ் பிரசங்கங்களை முழுமையாக எழுதுவதைக் குறைத்துக்கொண்டு, குறிப்புகளாக எழுதத் தொடங்கினார். குறிப்பில் இணைப்புச் சொற்கள் உதிர்ந்துவிடும். முக்கியப் பெயர்ச்சொற்கள் மிஞ்சும். மொத்தம் சுருங்கியதால் வீதம் ஏறுகிறது, சிந்தனை மாறாமலேகூட. இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு: ஆங்கிலத்தின் மிகச் சாதாரணமான இலக்கணச் சொற்களின் வீதத்தையும் அதே வரைபடத்தில் போடுங்கள். அவை அதே இடத்தில் சரிந்தால், நீங்கள் பார்ப்பது எழுதும் பழக்கத்தின் மாற்றம். விலக்கல் பட்டியல் இந்தச் சாட்சியையும் அழித்துவிடும் என்பது எனக்கு அந்தப் பட்டியலின் மீதிருந்த கோபத்தைக் கூட்டியது. அத்துடன், கையெழுத்தில் விடுபட்ட சொற்களைப் பதிப்பாசிரியர்கள் நிரப்பியிருந்தால், எண்ணப்படுவது யாருடைய சொல் என்பதையும் கேட்க வேண்டும். குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு மேடையில் அவர் உண்மையில் பேசியதோ எந்தக் கோப்பிலும் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகு ஆய்வாளர் கேட்டார்: “அப்படியானால், மக்களை நடுங்கவைத்தது எது என்று எதைக் கொண்டு சொல்வது?” அதற்கு நான் காட்டியது எண்ணிக்கை அல்ல, இரு தேதிகள். இதே பிரசங்கத்தை எட்வர்ட்ஸ் 1741 ஜூனில் தம் சொந்தச் சபையான நார்த்தாம்ப்டனில் நிகழ்த்தியிருந்தார். என்ஃபீல்டில் எழுந்ததைப் போன்ற கலக்கம் அங்கே பதிவாகவில்லை. என்ஃபீல்டில் உடனிருந்த ஸ்டீபன் வில்லியம்ஸ் என்ற போதகரின் நாட்குறிப்போ, பிரசங்கம் முடியும் முன்பே சபை முழுவதும் புலம்பலும் கூக்குரலும் எழுந்ததையும், இரட்சிக்கப்பட என்ன செய்ய வேண்டும் என்று மக்கள் கதறியதையும் சொல்கிறது. அடிப்படையில் ஒரே உரை, சில வார இடைவெளி. சொல் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருக்காது.

ஆய்வாளர் தம் கேள்வியை மாற்றிக்கொண்டார். இப்போது அவர் எட்வர்ட்ஸ் எந்தக் கட்டத்தில் ‘அவர்கள்’ என்பதிலிருந்து ‘நீங்கள்’ என்பதற்கு மாறுகிறார் என்பதைப் பிரசங்கம் பிரசங்கமாகத் தேடுகிறார். அந்த இடங்களைக் கணினி குறித்துக் கொடுக்கிறது; ஒவ்வொன்றின் முன்னும் பின்னும் உள்ள பக்கங்களை அவர் படிக்கிறார்.