மூடாத கோடுகளால் திரும்பி வந்த ஜன்னல் வரைபடம்

குளச்சலில் கடலை ஒட்டிய ஒரு வீட்டுக்கு, மேற்பகுதி அரைவட்டமாக வளைந்த ஜன்னல் தகடு ஒன்றை லேசர் கட்டிங் செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். உப்புக் காற்றுக்கு இரும்பு தாங்காது என்பதால் 3 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுதான் வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். வரைபடத்தை ஒரு டிராயிங் சென்டரில் கொடுத்து ஆட்டோகேடில் வரைந்து வாங்கி, பென் டிரைவில் போட்டுக்கொண்டு மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ் ஏறினேன். திரையில் பார்த்தால் அந்த வரைபடத்தில் ஒரு குறையும் தெரியவில்லை.

கட்டிங் கடையில் ஆபரேட்டர் ஃபைலைத் திறந்த உடனேயே, "அண்ணே, ஒண்ணும் மூடல்ல கேட்டியளா, மெஷின் எடுக்காது" என்று சொல்லிவிட்டு அடுத்தவருடைய வேலையை எடுத்துவிட்டார். எந்த இடம் மூடவில்லை என்று கேட்டதற்கு, வரைந்தவரிடம் கேளுங்கள் என்பதுதான் பதில். வரைந்து கொடுத்த சென்டரில் போனில் கேட்டால், எங்கள் கம்ப்யூட்டரில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்கிறார்கள். இரண்டு பக்கமும் கைவிரித்த பிறகு, தக்கலை நெரிசலில் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இதை நானே சரிசெய்வது என்று முடிவெடுத்தேன். அப்படிச் சரிசெய்ததில் தெரிந்துகொண்டவற்றை, இதே காரணத்துக்காகப் பஸ் ஏறி இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

மெஷின் ஏன் எடுக்காது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். லேசர் கதிர் வெட்டும்போது, மெல்லியதே ஆனாலும், ஓர் அகலத்தைத் தின்றுவிடுகிறது. அளவு குறையாமல் இருக்க, கதிரின் பாதையைக் கழிவுப் பக்கமாகச் சற்றுத் தள்ளி ஓட்ட வேண்டும். எது கழிவு, எது பொருள் என்று மெஷினின் மென்பொருள் தீர்மானிப்பது, கோடு ஒரு முழுச் சுற்றாக மூடியிருந்தால்தான். உள்ளே, வெளியே என்ற பேச்சே மூடிய வடிவத்துக்குத்தான் பொருந்தும். திறந்த கோடு என்றால் அது வெறும் கீறல்.

என் கைக்கு வந்த வரைபடத்தின் வெளிச்சுற்று மிக எளிமையானது. அகலம் 600 மி.மீ., பக்கங்களின் உயரம் 900 மி.மீ., அதன் மேல் 300 மி.மீ. ஆரமுள்ள அரைவட்டம். வரைந்தவர் இதை `LINE` கட்டளையால் மூன்று கோடுகளாகவும் `ARC` கட்டளையால் ஒரு வளைவாகவும் போட்டிருந்தார். கண்ணுக்கு ஒரே சுற்றாகத் தெரிந்தாலும், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு பொருள்கள் அவை. `PLINE` கட்டளையால் வரைந்திருந்தால், வளைவும் உட்பட எல்லாம் பாலிலைன் என்ற ஒரே பொருளாகவே இருந்திருக்கும். சுட்டியால் ஓர் இடத்தைத் தொட்டதும் முழுச் சுற்றும் தேர்வாகிறதா, ஒரு துண்டு மட்டும் தேர்வாகிறதா என்று பார்த்தாலே இந்த வேறுபாடு தெரிந்துவிடும். வரைபடத்தை வாங்கும் இடத்திலேயே இதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

நான்கையும் சேர்க்க முதலில் `JOIN` கொடுத்தேன். கட்டளை ஏற்றுக்கொண்டதுபோல் முடிந்தது. ஆனால் சுற்று மூடவில்லை. இடப்பக்கக் கோட்டின் மேல்முனையும் வளைவின் முனையும் சந்திக்கும் இடத்தை மிகவும் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், இரண்டுக்கும் நடுவே இடைவெளி இருப்பது தெரிந்தது. `DIST` கொடுத்து அளந்தால் 0.03 மி.மீ. முனையைப் பிடிக்கும் ஸ்நாப் வசதியைப் போடாமல் கண்மதிப்பில் சொடுக்கினால் இப்படித்தான் நேரும். வழக்கமான பெரிதாக்கலில் இது தெரியவே தெரியாது. போதாததற்கு, அடிக்கோட்டின் மேலேயே அதே அளவில் இன்னொரு கோடும் படுத்திருந்தது. அதை `OVERKILL` நீக்கியது. நீக்காமல் விட்டிருந்தால் அதே இடத்தில் கதிர் இரண்டு முறை ஓடியிருக்கும்.

இடைவெளியை மூட `PEDIT` கட்டளையின் பலபொருள் தெரிவு உதவியது. கொடுக்க வேண்டிய வரிசை இதுதான்:

```
PEDIT
M
Y
J
0.05
```

`M` கொடுத்ததும் பொருள்களைத் தேர்ந்தெடுத்து என்டர் தட்ட வேண்டும். கோடுகளைப் பாலிலைனாக மாற்றட்டுமா என்ற கேள்விக்கு `Y`. கடைசியில் உள்ள 0.05 என்பதுதான் உயிர்நாடி. ஆட்டோகேட் இதை `fuzz distance` என்று கேட்கும். அந்தத் தூரத்துக்குள் இருக்கும் முனைகளை இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். இதைப் பூஜ்யமாக விட்டால் 0.03 இடைவெளி அப்படியே நிற்கும். எதற்கும் இருக்கட்டும் என்று 5 அல்லது 10 கொடுப்பது அதைவிட ஆபத்து. சிறிய பூவேலை இருக்கும் தகட்டில் அடுத்த இதழின் முனையையும் இழுத்துக்கொண்டு வடிவத்தையே கெடுத்துவிடும். இடைவெளியை அளந்து, அதைவிடச் சற்றே கூடுதலாகக் கொடுப்பதுதான் பாதுகாப்பு. முடித்ததும் `PROPERTIES` பலகத்தில் `Closed` என்ற இடத்தில் `Yes` இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். `No` என்று இருந்தால், `PEDIT` கட்டளையிலேயே `C` கொடுத்து மூடலாம்.

அடுத்தது 40 மி.மீ. அகலமுள்ள சட்டம். வெளிச்சுற்றிலிருந்து உள்நோக்கி `OFFSET` கொடுத்து இது வர வேண்டும். டிராயிங் சென்டர்காரர் தனித்தனிக் கோடுகளை ஒவ்வொன்றாக ஆஃப்செட் செய்திருந்தார். வளைவும் பக்கக் கோடுகளும் தொடுகோடாகச் சேர்வதால் மேலே குழப்பமில்லை. கீழே இரண்டு மூலைகளிலும்தான் வினை. அடிக்கோடு தன் பழைய 600 நீளத்தோடேயே 40 மேலேறியதால், இரு பக்கமும் 40 வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கக் கோடுகளும் அதேபோல் அடியில் 40 தொங்கின. இந்த நான்கு வால்களையும் வெட்டியெடுக்க வேண்டும். அவரோ ஒன்றை விட்டுவிட்டார். மூடிய பாலிலைனை ஆஃப்செட் செய்தபோது இந்த வேலையே எழவில்லை. 520 அகலம், 860 பக்க உயரம், 260 ஆரம் என்று உள்சுற்று மூலை பிசகாமல் மூடியபடியே வந்தது. கோடுகளாகவே வைத்துக்கொள்ள வேண்டிய கட்டாயம் யாருக்காவது இருந்தால், `FILLET` கட்டளையில் ஆரத்தைப் பூஜ்யமாக வைத்து இரு கோடுகளையும் தொட்டால் வால்கள் நீங்கி மூலை சேர்ந்துவிடும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. வீட்டுக்காரர் முதலில் கீழ்மூலைகளை 25 மி.மீ. ஆரத்தில் உருட்டக் கேட்டிருந்தார். 25 ஆரமுள்ள மூலையை உள்ளே 40 தள்ளினால் அந்த வளைவுக்கு இடமே இருக்காது. உள்மூலை கூராகத்தான் வரும். உள்ளேயும் உருட்டல் வேண்டுமென்றால் அதைத் தனியாகச் செய்ய வேண்டும். இதை விளக்கிய பிறகு அவர் கூர்மூலைக்கே சம்மதித்தார்.

உள்ளே நடுவில் நிற்கும் ஒரு பட்டியும், வளைவு தொடங்கும் உயரத்தில் ஒரு குறுக்குப் பட்டியும், இரண்டும் 20 மி.மீ. அகலத்தில். நடுக்கோடு வரைந்து இருபுறமும் 10 வீதம் ஆஃப்செட் செய்தேன். நடுக்கோட்டைச் சுற்றோடு நிறுத்தாமல், ஐம்பது மில்லிமீட்டராவது தாண்டி வரைந்துகொள்வது நல்லது. நூலளவு முன்னதாக நின்றுவிட்டாலும், ட்ரிம் செய்யும்போது அந்தக் கோடு எல்லையாகப் பயன்படாது.

`TRIM` கொடுத்தபோதுதான், மூடிய சுற்று எவ்வளவு எளிதில் திறந்துவிடும் என்பது புரிந்தது. பட்டி சேரும் இடத்தில் உள்சுற்றின் 20 மி.மீ. துண்டை வெட்டியதுமே அது மூடிய பாலிலைன் என்ற தகுதியை இழந்துவிடுகிறது. நான்கு இடங்களிலும் வெட்டினால் நான்கு திறந்த துண்டுகள் மிஞ்சும். பட்டிகளின் கோடுகளும் நடுவில் வெட்டுப்பட்டு எட்டாகும். நான்கு திறப்புகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பாலிலைன் துண்டையும் இரண்டு கோடுகளையும் மறுபடி `PEDIT` கொடுத்துச் சேர்த்தாக வேண்டும். அந்த டிராயிங் சென்டரின் வேலை இந்தக் கட்டத்தில்தான் நின்றுபோயிருந்தது. ட்ரிம் செய்தார்கள், சேர்க்கவில்லை. புதிய பதிப்புகளில் இன்னொரு கண்ணியும் உண்டு. 2021 முதல் `TRIM` விரைவு முறையில் இயங்குகிறது. எதோடும் வெட்டிக்கொள்ளாத கோட்டைத் தொட்டால் அந்தக் கோடு முழுவதுமே அழிந்துவிடும். பழைய முறையே வேண்டுமென்றால் `TRIMEXTENDMODE` மதிப்பை 0 ஆக்கிக்கொள்ளலாம்.

இப்படிப்பட்ட வடிவங்களுக்கு ட்ரிம் செய்யாமலே முடிக்கலாம் என்பது என் கருத்து. `CUT` என்ற புதிய லேயரை நடப்பு லேயராக வைத்து, வரைபடம் முழுவதும் திரையில் தெரியும்படி செய்துகொண்டு, `BOUNDARY` கொடுத்து நான்கு திறப்புகளுக்குள்ளும் ஒவ்வொரு முறை சொடுக்கினேன். ஒவ்வொன்றும் மூடிய பாலிலைனாக அந்த லேயரில் வந்து உட்கார்ந்தது. எங்காவது இடைவெளி இருந்தால் எல்லை மூடவில்லை என்று கட்டளை மறுத்துவிடுவதால், இதுவே ஒரு சோதனையாகவும் ஆகிறது. வெளிச்சுற்றையும் அதே லேயருக்கு மாற்றி, பழைய கோடுகளையும் நடுக்கோடுகளையும் அனுப்பும் ஃபைலிலிருந்து நீக்கிவிட்டேன்.

மூடியிருக்கிறதா என்று `AREA` கொடுத்துப் பார்ப்பவர்கள் பலர் இருக்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். கீழ் இடத் திறப்பு 250 அகலமும் 850 உயரமும் கொண்டது. பரப்பு 2,12,500 சதுர மி.மீ. அதன் ஒரு நீளப்பக்கத்தை வேண்டுமென்றே நீக்கிவிட்டுப் பார்த்தேன். அப்போதும் பரப்பு 2,12,500 என்றேதான் வந்தது. திறந்த பாலிலைனின் இரு முனைகளையும் மனக்கணக்காக இணைத்துக்கொண்டு ஆட்டோகேட் பரப்பைச் சொல்கிறது. நீளம்தான் காட்டிக்கொடுக்கிறது: மூடியதற்கு 2,200 மி.மீ., பக்கம் நீங்கியதற்கு 1,350. நம்பகமான சோதனை `QSELECT`. அதில் பொருள் வகைக்குப் பாலிலைனும், பண்புக்கு `Closed`, மதிப்புக்கு `No` என்றும் கொடுத்தால், திறந்திருப்பவை எல்லாம் தேர்வாகிவிடும். பொருள் வகைப் பட்டியலில் `Line` அல்லது `Arc` என்ற பெயர் தென்பட்டாலே சேராத துண்டு எங்கோ மிச்சமிருக்கிறது என்று பொருள்.

இம்முறை ஃபைலை டி.எக்ஸ்.எஃப். ஆகச் சேமித்து முன்கூட்டியே வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஐந்து சுற்றுகளும் மூடியிருப்பதாக ஆபரேட்டர் ஒப்புக்கொண்ட பிறகே நாகர்கோவிலுக்குக் கிளம்பினேன். உள்திறப்புகள் நான்கையும் முதலில் வெட்டிவிட்டு வெளிச்சுற்றைக் கடைசியாக வெட்டச் சொன்னேன். வெளிச்சுற்றை முன்னால் வெட்டினால் தகடு தளர்ந்து நகர்ந்துவிடும். கையில் வாங்கிய தகட்டை அங்கேயே டேப் வைத்துப் பார்த்தேன்: சட்டம் 40, பட்டி 20.