கொழும்பிலிருந்து பண்டாரவளைக்கு மின்சாரக் காரில்: ஏற்றத்துக்கு முன் போட்ட கணக்கு

போன லீவுக்கு அம்மா, மனைவி, மச்சானோடு வெள்ளவத்தையிலிருந்து பண்டாரவளைக்குப் போய் வந்தோம். கார் ஜப்பானில் ஓடிவிட்டு வந்த பழையது. புதிதில் 40 யூனிட் பற்றரி, இப்போது கையில் வருவது 32 யூனிட் அளவுதான். யூனிட் என்று நான் சொல்வது கரண்ட் பில்லில் வருகிற அதே யூனிட். முழுச் சார்ஜில் டாஷ்போர்ட் 235 கிலோமீற்றர் காட்டும். காலி வீதி நெரிசலில் ஊர்ந்து ஓடியதை வைத்து அது சொல்லும் எண் அது. அதை நம்பிப் பயணம் போட முடியாது. அதனால் கிலோமீற்றரை விட்டுவிட்டு, வீதியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை யூனிட் போகும் என்று ஒரு கொப்பியில் எழுதினேன்.

டவுனுக்குள் 100 கிலோமீற்றருக்கு 13 அல்லது 14 யூனிட் எடுக்கிற கார், ஹைவேயில் 100 வேகத்தில், ஏசியும் போட்டு, நாலு பேரோடு போனால் 18 எடுக்கிறது. காற்றுத்தடை வேகத்தின் வர்க்கமாக ஏறுவதுதான் காரணம். கொட்டாவையிலிருந்து மாத்தறை வரை 126 கிலோமீற்றருக்கு மட்டும் கிட்டத்தட்ட 23 யூனிட். வீட்டிலிருந்து கொட்டாவைக்குப் போனதையும் சேர்த்தால் மாத்தறையில் 22 வீதம் மிஞ்ச வேண்டும். மிஞ்சியதும் அதேதான். அங்கே அரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நின்று 80 வரை ஏற்றினோம். அதற்கு மேல் வேகம் விழுந்துவிடும் என்பதால் காத்திருப்பது வீண்.

ஏற்றத்தின் கணக்கு வேறு மாதிரி. வெல்லவாயவிலிருந்து எல்ல வழியாகப் பண்டாரவளைக்கு 38 கிலோமீற்றர் இருக்கும், உயரம் சுமார் 1,000 மீற்றர் கூடுகிறது. ஆட்கள், பைகளோடு 2,100 கிலோ எடையுள்ள காரை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கவே 5.7 யூனிட் வேண்டும், மோட்டரில் போகும் இழப்போடு 6க்கு மேல். ஓடும் தூரத்துக்கான 5 யூனிட்டையும் கூட்டினால் 11க்கு மேல் வருகிறது. ஹைவே இழப்பை வேகத்தைக் குறைத்து மிச்சம் பிடிக்கலாம், தூக்கும் சக்தியை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும் குறைக்க முடியாது. அதனால் கையிருப்பு 20 வீதத்தையும் சேர்த்து, வெல்லவாயவில் 56 வீதம் இருந்தே ஆக வேண்டும் என்று கொப்பியில் கோடு போட்டு வைத்தேன்.

மாத்தறையிலிருந்து மத்தல வரை 80 வேகத்தில் ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்கள் எல்லாம் ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்து போயின, போகட்டும் என்று விட்டேன். வெல்லவாயவுக்குச் சற்று முன்னால் ஒரு ஹொட்டேல் வளாகத்துச் சார்ஜரில் நிறுத்தும்போது 14 வீதம். சார்ஜர் வேலை செய்கிறதா, எங்கள் பிளக் இருக்கிறதா என்று முதல் நாளே போன் பண்ணிக் கேட்டிருந்தேன், அதில் பிரச்சினை வரவில்லை.

நான் கணக்கில் எடுக்காமல் விட்டது சூடு. எங்கள் காரில் பற்றரியைக் குளிர்விக்க எந்த ஏற்பாடும் இல்லை. ஹைவே ஓட்டம், மாத்தறையில் வேகச் சார்ஜ், பிறகு உச்சி வெயிலில் 150 கிலோமீற்றர். பற்றரி வெப்பம் காட்டும் முள் சிவப்புக்குப் பக்கத்தில் நின்றது. சார்ஜர் திரையில் 40 கிலோவாட் வரும் என்று பார்த்தால் 17தான். பற்றரி தன்னைக் காக்க வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது, சார்ஜரில் கோளாறு இல்லை. 20 நிமிடத்தில் முடிய வேண்டியது முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. “தம்பி, இதிலேயே போய்ப் பார்ப்போமே” என்று 40 வீதத்தில் அம்மா கேட்டார். கொப்பியைக் காட்டினேன். 40இல் கிளம்பினால் மேலே போய்ச் சேரும்போது வெறும் 4 வீதம்தான் இருந்திருக்கும், நடுவில் ஒரு வீதித் தடை வந்தாலே போச்சு.

கிளம்பும்போது டாஷ்போர்ட் 130 கிலோமீற்றர் காட்டியது. இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டி வளைவுகளில் ஏற ஏற அது மளமளவென்று விழுந்து, எல்ல டவுனில் 60க்கு வந்துவிட்டது. மச்சான் முகம் வெளிறிவிட்டது. அந்த இடத்தில் கிலோமீற்றரைப் பார்க்கவே கூடாது, வீதத்தை மட்டும் கொப்பியோடு ஒப்பிட வேண்டும். பண்டாரவளையில் 19.

தங்கிய வீட்டில் சாதாரண 13 அம்பியர் பிளக்கில், இடையில் எக்ஸ்டென்ஷன் வயர் எதுவும் போடாமல் நேராகச் சுவரில் மாட்டி, இரவு முழுக்க 10 மணி நேரத்துக்கு மேல் விட்டேன். 100 வரை விடவில்லை, 85இல் கழற்றினேன். பற்றரி நிறைந்திருந்தால் இறக்கத்தில் திரும்பி வரும் கரண்டுக்கு இடம் இருக்காது, கார் மோட்டரால் இழுத்துப் பிடிக்காது, அந்த நீண்ட இறக்கம் முழுக்க பிரேக்கையே மிதிக்க வேண்டி வரும். காலையில் 85இல் இறங்கத் தொடங்கினோம். வெல்லவாயவில் 79. முதல் நாள் ஏற 37 வீதம் தின்ற அதே வீதி.