86 என்ற எண்ணை நான் வாசிக்கக் கற்றது

ஓய்வு பெற இரண்டு ஆண்டுகள் இருந்தபோது என் கணக்கு ஒரே தாளில் முடிந்திருந்தது. மொத்தச் சேமிப்பை 100 பங்காக வைத்தால், ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் செலவுக்கு அதில் 4 பங்கு, விலைவாசி உயர்வைக் கழித்தபின் வருமானம் 5 சதவீதம். முப்பது ஆண்டு முடிவில் 153 பங்கு மிச்சம் என்று வந்தது. நிம்மதியாக இருந்தேன்.

ஆனால் சந்தை ஆண்டுதோறும் 5 தருவதில்லை. அதனால் மான்டே கார்லோ முறையில், அதாவது ஆண்டு வருமானங்களைத் தற்செயலாக எடுத்துப் பலமுறை ஓட்டி, சோதித்துப் பார்த்தேன். சராசரி அதே 5தான், ஏற்ற இறக்கம் மட்டும் (திட்ட விலக்கம்) 12. இப்படிப் பத்தாயிரம் பாதைகள், ஒவ்வொன்றும் நடக்கக்கூடிய ஒரு முப்பது ஆண்டு:

```python
import numpy as np
r = np.random.default_rng().normal(0.05, 0.12, (10000, 30))
m = np.full(10000, 100.0)
for y in range(30):
    m = np.maximum(m - 4, 0) * (1 + r[:, y])
print((m > 0).mean())
```

ஏறக்குறைய 0.86 வந்தது. நூறில் பதினான்கு பாதைகளில் பணம் முப்பது ஆண்டு தாங்கவில்லை. அதே சராசரியில் எப்படி?

தோற்ற பாதைகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோது புரிந்தது. பெரும்பாலானவற்றில் அடி விழுந்தது முதல் பத்து ஆண்டுகளில். விலை இறங்கியிருக்கும்போதும் செலவுக்கு விற்றே ஆக வேண்டும். விற்ற முதலீடு, பிறகு சந்தை ஏறும்போது நம் கையில் இருக்காது. அதே இறக்கம் இருபத்தைந்தாம் ஆண்டில் வந்திருந்தால் பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது.

அப்புறம் சராசரியை 5இலிருந்து 4 ஆக்கி ஓட்டினேன். 86 சரிந்து 75 அளவுக்கு வந்துவிட்டது. என்னை உண்மையில் உலுக்கியது இதுதான். பத்தாயிரம் பாதைகள் என்பதால் எண்ணிக்கையில் வரும் பிழை ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அந்த 5 என் ஊகம். பாதைகளை லட்சமாகப் பெருக்கினாலும் ஊகம் சரியாகிவிடாது. அதனால் இப்போது 86ஐ "75இலிருந்து 86க்குள் எங்கோ" என்றுதான் வாசிக்கிறேன். இன்னொரு குறையும் உண்டு: 18ஆம் ஆண்டில் பணம் தீர்ந்தாலும் 29ஆம் ஆண்டில் தீர்ந்தாலும் இந்தக் கணக்குக்கு இரண்டும் ஒரே தோல்விதான். எந்த ஆண்டில் தீர்கிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

மேலும், என்ன நடந்தாலும் நான் 4 பங்கையே பிடிவாதமாக எடுப்பேன் என்று நிரல் நினைக்கிறது. அப்படி யாரும் செய்வதில்லை. சரி, ஐந்து ஆண்டு கழித்து 70 பங்குதான் மிச்சம் என்று வைத்து மீதி 25 ஆண்டுகளை ஓட்டினேன். 4 பங்கே எடுத்தால் 60ஐ ஒட்டி வருகிறது. 3.5 ஆகக் குறைத்தால் 80க்கு அருகில் போகிறது.

அந்த அரைப் பங்கைத் தேடி வீட்டுச் செலவுகளைப் பிரித்தோம். தள்ளிப்போடக்கூடியவை பயணமும் வண்டி மாற்றுவதும். இரண்டையும் தனி வரியில் எழுதி, இருப்பு 70ஐத் தொட்டால் அந்த வரியை நிறுத்துவது என்று முடிவு செய்திருக்கிறோம். ஆண்டுக்கு ஒருமுறை, அன்றைய இருப்பை வைத்துச் சோதனையை மறுபடி ஓட்டுகிறேன்.